FALSE என்ற ஒரு சொல்லை விட்டால் யார் கணக்கில் பணம் விழும்?

கோத்தகிரி வட்டாரத்தில் பசுந்தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்கு மாதக் கணக்கை முடித்து வங்கிக்குப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் தொழிலின் பெரும்பகுதி. இலை ஏஜெண்டுகளிடமும் சிறு தொழிற்சாலைகளிடமும் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். முதல் பட்டியலில் அந்த மாதம் யார் எத்தனை கிலோ இலை கொடுத்தார், அவருக்குச் சேர வேண்டிய தொகை எவ்வளவு என்று இருக்கும். இரண்டாவது பட்டியலில் உறுப்பினர் எண், பெயர், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. ஆகியவை இருக்கும். முதல் பட்டியலில் கணக்கு எண்ணுக்கான பத்தி காலியாக இருக்கும். அதை இரண்டாவது பட்டியலைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் எக்ஸெலில் VLOOKUP இருக்கிறது. எண்களைக் கையால் பார்த்துத் தட்டச்சு செய்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் தவறாக எழுதப்பட்ட VLOOKUP பல நேரங்களில் பிழை என்று காட்டுவதில்லை. காலிக் கட்டத்தில் ஒரு கணக்கு எண்ணை வைத்துவிடுகிறது, அது வேறொருவரின் கணக்காக இருக்கிறது. மாதம் முழுவதும் இலை பறித்தவரின் கூலி அப்படி இடம் மாறிப் போவதைப் பார்த்த பிறகு, இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு பட்டியல்களும் ஒரே கோப்பில் Leaf, Bank என்ற இரண்டு தாள்களாக இருக்கட்டும். Leaf தாளில் A பத்தியில் உறுப்பினர் எண், B-யில் பெயர், C-யில் கிலோ, D-யில் தொகை, காலியான E-யில் கணக்கு எண். Bank தாளில் A உறுப்பினர் எண், B பெயர், C கணக்கு எண், D ஐ.எஃப்.எஸ்.சி. Leaf தாளின் E2 கட்டத்தில் எழுத வேண்டியது இது:

```
=VLOOKUP(A2,Bank!$A$2:$D$413,3,FALSE)
```

A2-இல் உள்ள உறுப்பினர் எண்ணை எடுத்து, Bank தாளின் முதல் பத்தியில் தேடி, அது கிடைத்த வரியில் மூன்றாவது பத்தியில் இருப்பதைக் கொண்டுவா என்பதுதான் இதன் பொருள். டாலர் குறிகள் தேடும் பரப்பை அசையாமல் பிடித்து வைக்கின்றன. அவை இல்லாமல் கீழே இழுத்தால் ஒவ்வொரு வரிக்கும் பரப்பு ஒரு வரி இறங்கி, Bank தாளில் மேலே உள்ள உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தேடலுக்கு வெளியே போய்விடுவார்கள்.

கடைசியில் இருக்கும் FALSE-ஐப் பலரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் எக்ஸெல் அதை TRUE என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது அதே எண் கிடைக்காவிட்டாலும், அதைவிடச் சிறிய எண்களில் மிகப் பெரியதைப் பிடித்து விடை கொடுத்துவிடும். வருமான வரி அடுக்கு, எடைக்கேற்ற வாடகை போன்றவற்றைக் கண்டுபிடிக்க அந்த வழி பொருத்தமானது. உறுப்பினர் எண்ணுக்கு அதனால் கேடுதான்.

ஓர் ஏஜெண்டின் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கணக்கு பார்க்கும் பெண் பட்டியலை முடித்துவிட்டு, "அண்ணா, எல்லா வரியும் நிரம்பிவிட்டது, ஒன்றுகூட விடுபடவில்லை" என்றார். "அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறதம்மா" என்றேன். நெடுகுளா பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த சிலர் இன்னும் பாஸ்புக் நகல் கொடுக்கவில்லை என்று சற்று முன்புதான் அவரே சொல்லியிருந்தார். Bank தாளில் இல்லாதவருக்குக் கணக்கு எண் எங்கிருந்து வரும்?

பார்த்தோம். Bank தாளில் எண்கள் 104, 109, 118, 127, 131 என்று ஏறுவரிசையில் போய்க்கொண்டிருந்தன. புதியவரின் எண் 121. அது அங்கே இல்லை. சூத்திரத்தில் FALSE இல்லாததால் 121-க்குக் கீழே உள்ள 118-இன் கணக்கு எண் அந்த வரியில் வந்து உட்கார்ந்திருந்தது. புதியவர் 186 கிலோ கொடுத்திருந்தார். கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவருடைய 3,720 ரூபாய் 118-ஆம் எண்காரருக்குப் போயிருக்கும். Bank தாளில் இருந்தவர்களின் வரிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதனால் மேலோட்டமாக நாலைந்து வரிகளைச் சரிபார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. Bank தாள் வரிசையில் இல்லாமல், சேர்ந்தவர்கள் சேர்ந்தபடியே எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது பட்டியலில் இருப்பவருக்கே தவறான எண் வரலாம்.

பெயர் பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படுகிறது. அந்தக் கணக்கு உயிரோடு இருந்தால் பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். Leaf தாளின் கடைசி வரிக்குக் கீழே A பத்தியில் 99999 போன்ற, யாருக்கும் இல்லாத பெரிய எண்ணைத் தட்டி, சூத்திரத்தை அந்த வரிக்கும் இழுத்துப் பாருங்கள். தேடியது கிடைக்கவில்லை என்று சொல்லும் #N/A வந்தால் சூத்திரம் சரியாகத் தேடுகிறது. ஒரு கணக்கு எண் வந்தால் FALSE விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அலுவலகத்தில் பட்டியலின் கடைசி உறுப்பினருடைய எண் வந்தது. FALSE சேர்த்து மறுபடி இழுத்ததும், பாஸ்புக் கொடுக்காதவர்களின் வரிகளில் மட்டும் #N/A நின்றது.

அந்த #N/A-வை அசிங்கமாக நினைத்து IFERROR போட்டு மறைப்பவர்களும் உண்டு. பணப் பட்டியலில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய விவரம் இன்னும் வரவில்லை என்று நமக்குச் சொல்வது அது ஒன்றுதான். #N/A-க்குப் பதில் வெறும் 0 வந்தால் அது வேறு செய்தி: உறுப்பினர் Bank தாளில் இருக்கிறார், அவருடைய கணக்கு எண் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

சில சமயம் எல்லா வரியிலும் #N/A வரும். எண் கண்ணெதிரே இரண்டு தாளிலும் இருக்கும், எக்ஸெல் மட்டும் இல்லை என்று சொல்லும். எடை போடும் கருவியிலிருந்து இறக்கிய கோப்பில் உறுப்பினர் எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், Bank தாளில் கையால் தட்டிய எண் எண்ணாகவே இருக்கும். எக்ஸெலுக்கு இரண்டும் வேறு வேறு. நீங்கள் சீரமைப்பை மாற்றாமல் இருந்தால், எழுத்து கட்டத்தின் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு காலிக் கட்டத்தில் =ISNUMBER(A2) என்று கேட்டுப் பார்க்கலாம். Leaf தாளில் எழுத்து, Bank தாளில் எண் என்றால் சூத்திரத்தில் A2 என்பதை A2*1 என்று மாற்றினால் போதும்.

ஆனால் இந்த மாற்று வைத்தியத்தைக் கணக்கு எண் பத்தியில் செய்துவிடாதீர்கள். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் உதிர்ந்துவிடும். கட்டத்தில் 1.23457E+15 போலத் தெரிந்தால் அது எண்ணாகிவிட்டது என்று பொருள். கடைசி இலக்கம் ஒருமுறை போய்விட்டால், பிறகு கட்டத்தை Text என்று மாற்றினாலும் திரும்பி வராது. பாஸ்புக்கைப் பார்த்துத்தான் மறுபடி தட்ட வேண்டும். எனவே Bank தாளின் C பத்தியை முதலில் Text ஆக்கிவிட்டு, அதன் பிறகே எண்களைத் தட்டுங்கள். வங்கியோ வேறு மென்பொருளோ தரும் CSV கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டாம், திறக்கும்போதே இந்தச் சேதம் நடந்துவிடும். Data பகுதியில் உள்ள From Text/CSV வழியாக எடுத்து, அந்தப் பத்தியை Text என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சூத்திரம் எழுதப்போகும் Leaf தாளின் E பத்தி General ஆகவே இருக்கட்டும். அதை முன்கூட்டியே Text ஆக்கினால், கணக்கு எண்ணுக்குப் பதில் நீங்கள் எழுதிய சூத்திரமே கட்டத்தில் தெரியும். C பத்தியில் எழுத்தாக இருக்கும் எண்ணை VLOOKUP எழுத்தாகவே கொண்டுவந்துவிடும், பயப்பட வேண்டியதில்லை.

உறுப்பினர் எண் எதற்கு, பெயரை வைத்தே தேடலாமே என்று கேட்பார்கள். நம் ஹட்டிகளில் போஜன், மாதன், ராமன் என்று ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக அமைந்துவிடுவதுண்டு. ஒரே பெயர் இருமுறை இருந்தால் VLOOKUP மேலே உள்ளவரை எடுத்துக்கொண்டு நின்றுவிடும், கீழே உள்ளவரைப் பார்க்கவே பார்க்காது. உறுப்பினர் எண்ணிலும் இது நேரலாம். ஒருவர் வங்கியை மாற்றியதும், பழைய வரியை அழிக்காமல் புதிய வரியைக் கீழே சேர்த்திருப்பார்கள். பணம் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். Bank தாளின் E பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்து, 1-க்கு மேல் வரும் வரிகளைச் சரிசெய்துவிட்டுப் பிறகு தேடுங்கள்:

```
=COUNTIF($A$2:$A$413,A2)
```

பெயருக்கு வேறொரு நல்ல பயன் இருக்கிறது. Leaf தாளின் F பத்தியில் அதே சூத்திரத்தை 3-க்குப் பதில் 2 போட்டு எழுதினால், Bank தாளில் உள்ள பெயர் வந்துவிடும். B-யையும் F-ஐயும் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை வாசியுங்கள். முதலெழுத்துக்குப் பின் புள்ளி இருப்பதும் இல்லாததுமான வேறுபாடுகளால் கணினியிடம் ஒப்பிடச் சொன்னால் வீணாகப் பல வரிகளைத் தவறென்று காட்டும். மனிதக் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆள் மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எக்ஸெல் 2021-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் XLOOKUP இருக்கிறது. அது சொல்லாமலேயே சரியான எண்ணை மட்டும் தேடும். உங்களிடம் அது இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான் பார்க்கும் அலுவலகங்கள் பலவற்றில் பழைய பதிப்புகளே இருப்பதால் VLOOKUP-ஐ வைத்து எழுதினேன்.

எல்லாம் நிரம்பிய பிறகு E பத்தியை நகலெடுத்து அதே இடத்தில் Paste Values கொடுத்து, சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றிவிடுங்கள். #N/A, 0 உள்ள வரிகளை வேறொரு தாளுக்கு மாற்றுங்கள். இரண்டு தாள்களின் தொகைகளையும் கூட்டினால் மாதத்தின் மொத்தத் தொகை வர வேண்டும், வராவிட்டால் மாற்றும்போது ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. தனியாக எடுத்து வைத்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பாஸ்புக்கின் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்குங்கள். Bank தாளில் ஏறும் ஒவ்வொரு புதிய எண்ணையும் அந்த நகலோடு ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் திரையில் பார்க்கட்டும். அங்கே தவறாக ஏறிய எண்ணை எந்தச் சூத்திரமும் மாதா மாதம் அப்படியே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்.