எல்லாரும் காலைல 9 மணிக்கே வந்துடுங்கன்னு சொல்றத மொதல்ல நிறுத்தணும்

பல வருஷமா ஆள் எடுக்குற வேலைல இருக்கேன். ஒரே நாள்ல நடக்குற டிரைவ்னா பெரும்பாலான இடத்துல இன்னும் ஒரே பழக்கம்தான், எல்லா கேண்டிடேட்டுக்கும் "காலை 9 மணிக்கு ரிப்போர்ட் பண்ணவும்"னு ஒரே மெயில் போகும். நான் முதல்முதல்ல பிளான் போட்ட டிரைவ்லயும் அப்படித்தான் அனுப்பினேன். 42 பேர், 3 பேனல், ஆளுக்கு 30 நிமிஷம். காலைல ஒன்பதரைல இருந்து 5 மணி வரைக்கும், நடுவுல அரை மணி நேரம் லஞ்ச், அப்போ ஒரு பேனலுக்கு 14 பேரு, 3 பேனலுக்கு 42. எக்ஸெல்ல ஒரு கட்டம் கூட மிச்சமில்லாம கச்சிதமா உட்கார்ந்துச்சு.

அந்த கச்சிதம்தான் பிரச்சனையேன்னு அன்னைக்கு சாயங்காலம்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு இன்டர்வியூவும் சராசரியா 10 நிமிஷம் கூடப் போச்சு, ஏன்னா ஒருத்தர் வெளிய போனதும் பேனல்ல இருக்குற ரெண்டு பேரும் பேசி மார்க் போடணும், ஃபீட்பேக் எழுதணும், அடுத்தவங்க ரெஸ்யூமை ஒரு தடவையாவது பார்க்கணும், இதுக்கெல்லாம் நான் நேரமே ஒதுக்கல. 10 நிமிஷம் தனியா பார்த்தா சின்னதுதான், ஆனா அது அடுத்தவர் தலைல ஏறிக்கிட்டே போகும். நாலரைக்கு உள்ள போக வேண்டியவருக்கு முன்னாடி 13 பேர், அப்போ 130 நிமிஷம் லேட், அதாவது 6:40. அப்படி 6:40க்கு உள்ள போன ஒரு பொண்ணு காலைல 9 மணில இருந்து அதே நாற்காலில இருந்தாங்க. அவங்க ஃபீட்பேக் ஷீட்ல "எனர்ஜி கம்மி, பதில் சொல்ல தயங்குறாங்க"ன்னு எழுதியிருந்துச்சு. நாம பார்த்தது அவங்க திறமைய இல்ல, பத்து மணி நேரக் காத்திருப்பைத்தான்னு எனக்கு இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம் ஸ்லாட்னா எனக்கு 40 நிமிஷம்தான். 30 பேசறதுக்கு, 10 எழுதறதுக்கு. அந்த 10 நிமிஷத்த பேனல்காரங்க பேச்சுக்கு எடுத்துக்காம இருக்க, 25வது நிமிஷத்துல ஒருத்தர் கதவ தட்டிட்டு வரணும், இதுக்குன்னே ஒரு ஆள் வேணும், சும்மா ரிமைண்டர் வெச்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க.

இப்போ அதே 42 பேர எடுத்துக்குவோம். 42 பேருக்கு 40 நிமிஷம்னா மொத்தம் 28 மணி நேரம். இது எத்தனை பேனல் வெச்சாலும் மாறாது. 3 பேனல்னா ஒவ்வொண்ணும் பிரேக் இல்லாமலே 9 மணி 20 நிமிஷம் உட்காரணும், அது நடக்காது. 6 பேனல்னா 4 மணி 40 நிமிஷம்தான். "12 பேர வேலைல இருந்து எடுக்க முடியாது"ன்னு மேனேஜருங்க சொல்லுவாங்க, அப்போ இந்தக் கணக்க அப்படியே காட்டுங்க, மொத்த நேரம் ஒண்ணுதான், பிரிச்சு குடுக்குறோம் அவ்வளவுதான். அப்படியும் 4 பேனல்தான் கிடைக்கும்னா 28 பேர மட்டும் கூப்பிடுங்க, மீதிப் பேருக்கு இன்னொரு நாள் குடுங்க.

ஒரு பேனலோட நாள் எப்படி இருக்கும்னா, 9:30, 10:10, 10:50ன்னு மூணு பேரு, 11:30க்கு கால் மணி நேரம் பிரேக், 11:45க்கு நாலாவது ஆளு. 12:25 ஸ்லாட்ட யாருக்கும் குடுக்காம காலியா விட்டுடுங்க. காலைல சேர்ந்த தாமதம் எல்லாம் அங்கதான் கரையும், நாலு இன்டர்வியூ ஆளுக்கு 10 நிமிஷம் இழுத்தாலும் அந்த 40 நிமிஷம் தாங்கும். 1:05க்கு லஞ்ச், 1:50, 2:30 ரெண்டு பேரு, திரும்ப 3:10க்கு பிரேக், 3:25க்கு கடைசி ஆளு. ஏழு பேரு, ஆறு பேனல், 42. அந்த காலி ஸ்லாட்ட பார்த்ததும் யாராவது ஒருத்தர் "இதுல இன்னும் 6 பேர போடலாமே"ன்னு நிச்சயம் கேப்பாங்க, தயவுசெஞ்சு விட்டுக் குடுக்காதீங்க.

ஆறு பேனலும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கவும் வேண்டாம். மூணு 9:30க்கு, மூணு 9:50க்கு, மத்த நேரமெல்லாம் அதே மாதிரி 20 நிமிஷம் தள்ளி. அப்போ ரிசப்ஷன்ல ஆறு பேரு சர்டிபிகேட்டோட மொய்க்க மாட்டாங்க, ஆறு பேனலும் ஒண்ணா லஞ்சுக்கு எழுந்து போகவும் மாட்டாங்க. கேண்டிடேட்டுக்கு அவங்க ஸ்லாட்டுக்கு 30 நிமிஷம் முன்னாடி ரிப்போர்ட்டிங் டைம் குடுத்தா போதும். 3:25 ஸ்லாட்காரர் 2:55க்கு வரட்டும், அவர் எதுக்கு காலைலயே வரணும்?

அடுத்தது, நிறைய பேரு தப்பு பண்ற இடம், கேண்டிடேட்ட முன்கூட்டியே "பேனல் 4"ன்னு கட்டிப் போடறது. பேனல் 4 இழுத்துப் பேசுற பேனலா இருந்தா அவங்க வாசல்ல மூணு பேரு காத்துட்டு இருப்பாங்க, பேனல் 2 வாசல் காலியா இருக்கும். நேரத்த மட்டும் முன்னாடியே குடுங்க, பேனல அப்புறம் குடுங்க. எல்லாருக்கும் ஒரே வரிசை, எந்தப் பேனல் ஃப்ரீ ஆகுதோ வரிசைல முதல்ல இருக்குறவர் அங்க போகணும். ஸ்கில் வேறன்னா ஸ்கில்லுக்கு ஒரு வரிசை, அதுக்கு மேல பிரிக்காதீங்க. வரிசை ஸ்லாட் நேரப்படிதான், வந்த நேரப்படி இல்ல, இல்லன்னா சீக்கிரம் வந்தவரு சொன்ன நேரத்துக்கு வந்தவர தள்ளிட்டு உள்ள போயிடுவாரு.

முதல் ஸ்லாட்டுக்கு சிலர் வராம போவாங்க. 1952லயே ஆஸ்பத்திரி புறநோயாளி பிரிவுக்காக பெய்லி, வெல்ச்னு ரெண்டு பேரு ஒரு வழி சொன்னாங்க, ஆரம்பத்துல ரெண்டு பேர வரச்சொல்லு, அப்புறம் ஒவ்வொருத்தரா இடைவெளி விட்டுக் கூப்பிடுன்னு. டாக்டர் சும்மா உட்காராம இருக்க அது சரி, ஆனா ஒவ்வொரு பேனலுக்கும் அப்படிப் பண்ணா நம்ம வெயிட்டிங் ஹால் நிரம்பிடும். நான் 10:10 ஆளுங்கள்ல ரெண்டு பேர்கிட்ட மட்டும் முன்னாடி நாளே போன்ல கேட்டு, சம்மதிச்சா 9:30க்கே வரச்சொல்றேன். மொத்த ஆறு பேனலுக்கும் அந்த ரெண்டு பேரு போதும்.

இவ்வளவும் பண்ணிட்டு ரெண்டாவது ரவுண்டுல மாட்டிக்கிறவங்க அதிகம். 40 நிமிஷத்துக்கு ஆறு பேரு வெளிய வராங்க, பாதிப் பேரு தேறினா மூணு பேரு. ரெண்டாவது ரவுண்டும் 40 நிமிஷம்னா அங்க மூணு பேனல் வேணும். ஒரே ஒரு மேனேஜர்தான்னு விட்டா 40 நிமிஷத்துக்கு ரெண்டு பேரா வரிசை நீளும், லஞ்ச் வரதுக்குள்ள தேறின 12 பேருல எட்டுப் பேரு தேங்கிடுவாங்க. நல்லா பண்ணவங்கதான் அங்க அதிகமா காயறாங்க, பாதில எழுந்து போறதும் அவங்கதான். மூணு பேனல் கிடைக்கலன்னா எத்தனை பேர அன்னைக்குப் பார்க்க முடியும்னு காலைலயே முடிவு பண்ணி, மீதிப் பேர்கிட்ட "நீங்க தேறிட்டீங்க, அடுத்த ரவுண்ட் வீடியோ கால்ல, தேதி இது"ன்னு சொல்லி அனுப்பிடுங்க.

இதெல்லாம் சரியா நடக்குதான்னு தெரிய வாசல்ல ஒரு நோட்டு போதும். குடுத்த ரிப்போர்ட்டிங் டைம், உள்ள போன டைம், வெளிய வந்த டைம். சராசரிய பார்க்காதீங்க, அது நல்லாத்தான் இருக்கும். யாரு அதிகமா காத்திருந்தாங்கன்னு பாருங்க. ரிப்போர்ட்டிங் டைம்ல இருந்து 45 நிமிஷம் தாண்டினா ஒருத்தர் நேர்ல போய் "இன்னும் இவ்ளோ நேரம் ஆகும், காரணம் இது"ன்னு சொல்லணும், அவர் இன்டர்வியூ ஷீட் மேல "காத்திருந்தது 70 நிமிஷம்"னு பென்சில்ல எழுதியும் அனுப்பணும். நான் அப்படி எழுதி அனுப்ப ஆரம்பிச்சதுக்கப்புறம் எங்க பேனல்காரங்க முதல் கேள்விக்கு முன்னாடி "தண்ணி குடிச்சீங்களா?"ன்னு கேக்குறாங்க.