'பல்லாவணச் சுருக்கம்' வேண்டாம், 'ஒப்புத் தொகுப்புரை' போதும்

ஒரே நிகழ்வைப் பற்றிய பல அறிக்கைகளைச் சேர்த்து, எங்கே ஒத்துப்போகின்றன எங்கே முரண்படுகின்றன என்று காட்டி எழுதும் உரைக்கு 'பல்லாவணச் சுருக்கம்' என்று சொல்வதை இந்த மாதம் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் வேர் எளியது. 'மல்டி-டாக்குமெண்ட் சம்மரி' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதிலுள்ள சம்மரி, 'சும்மா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் கூட்டி வந்த மொத்தம் என்று பொருள். தமிழில் அதுதானே தொகை? முதல் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் நான்கு வகைகளில் முதலாவதாகத் தொல்காப்பியமே 'தொகுத்தல்' என்பதைத்தான் சொல்கிறது, விரிந்து கிடப்பதைச் சுருங்கச் செய்வது என்ற பொருளில்.

சரி, பல்லாவணச் சுருக்கத்தில் என்ன கெட்டுவிட்டது? முதலில், பல ஆவணங்களுக்குத் தனித்தனியே எழுதிய சுருக்கங்களா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றா என்பதே அதில் தெரியாது. அடுத்து, ஆவணம் என்றதும் நமக்குப் பத்திரப்பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. நேரில் பார்த்தவர் சொன்னதையோ செய்தித்தாள் எழுதியதையோ ஆவணம் என்று யார் சொல்வார்? இதையெல்லாம் விடப் பெரிய குறை, ஒப்பிடுவது என்ற வேலையே அந்தச் சொல்லில் இல்லை. நீளத்தைக் குறைத்தால் போதும் என்று எழுதுகிறவர் நினைத்துவிடுகிறார்.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் மூழ்கியபோது இறந்தவர்கள் 1,517 பேர் என்றது அமெரிக்க செனட் விசாரணை, 1,490 என்றது பிரிட்டிஷ் விசாரணை. வெறும் சுருக்கம் எழுதுகிறவர் 'சுமார் 1,500' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். அங்கே இரண்டு கணக்குகள் இருந்தன என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். கப்பல் இரண்டாக உடைந்ததா என்பதிலும் இதே கதைதான். உடைந்ததைப் பார்த்தோம் என்று சிலர் சொன்னார்கள், இரண்டாம் அதிகாரி லைட்டோலர் போன்றவர்கள் முழுசாகத்தான் மூழ்கியது என்றார்கள். பிரிட்டிஷ் அறிக்கை உடையவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. செனட் அறிக்கையும் அதே முடிவுக்குத்தான் வந்தது, ஆனால் முரணான சாட்சியங்கள் நிறைய உண்டு என்று எழுதிவிட்டுத்தான், பெரும்பான்மைச் சாட்சியத்தின்படி முழுசாக மூழ்கியது என்றது. 1985இல் கடலடியில் கண்டுபிடித்தபோது கப்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டு அறிக்கைகளும் தவறுதான், ஆனாலும் செனட் அறிக்கையைப் படித்தவருக்கு மறுதரப்பு ஒன்று இருந்தது என்றாவது தெரிந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுத வைக்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

அதனால் நான் 'ஒப்புத் தொகுப்புரை' என்கிறேன். ஒப்பு என்பதில் ஒப்பிடுவது வந்துவிடுகிறது, தொகுப்பில் சேர்த்துச் சுருக்குவது வந்துவிடுகிறது. வெறும் 'தொகுப்பு' என்று நிறுத்தினால் கட்டுரைத் தொகுப்பு, பாடல் தொகுப்பு மாதிரி ஆகிவிடும் என்பதால்தான் உரை என்று சேர்த்தேன்.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒன்றைத் தேடி ஒட்டிவிடுகிறார்கள், அந்த வேலையைச் செய்கிறவர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை கூடப் பார்ப்பதில்லை. ஒரே ஓர் அறிக்கையைச் சுருக்கினால் அது சுருக்கம், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.