சர்வீஸ் பாக்ஸ் காலுக்கு, பந்துக்கு அல்ல

போன வாரம் ஒரு ஸ்குவாஷ் லீக் ஆட்டத்துக்கு, ஸ்கோர் சொல்லும் மார்க்கராக உட்கார்ந்திருந்தேன். ஸ்கோர் 9-9. வலப்பக்க பாக்ஸிலிருந்து ஒருவர் அழகாக ஒரு லாப் சர்வ் போட்டார். பந்து முன்சுவரில் உயரத்தில் பட்டு, இடச்சுவரைத் தொட்டு, பாக்ஸுக்குப் பின்னால் பின்சுவருக்கு அருகில் விழுந்தது. எதிராளி அதைக் கையால் பிடித்துக்கொண்டு, "அவுட், பாக்ஸில் விழவில்லையே" என்றார். சர்வ் போட்டவரும் தலையாட்டிவிட்டுப் பாக்ஸை விட்டு வெளியே வந்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல சர்வ் போட்டவரே தன் புள்ளியைத் தானம் கொடுக்கிறார்! இந்தக் குளறுபடியை இந்தப் பருவத்தில் எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

டென்னிஸில் சர்வீஸ் பாக்ஸ் என்பது பந்து விழ வேண்டிய இடம். அங்கிருந்து வருபவர்கள் ஸ்குவாஷிலும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. இங்கே அந்தப் பெட்டி, சர்வ் போடுபவரின் கால் இருக்க வேண்டிய இடம். அவ்வளவுதான். பந்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, பந்து எங்கே விழ வேண்டும்? தரையில் குறுக்காக ஓடுகிற ஷார்ட் லைன், முன்சுவரிலிருந்து 5.44 மீட்டரில் இருக்கிறது. அதன் நடுவிலிருந்து பின்சுவர் வரை போவது ஹாஃப் கோர்ட் லைன். இரண்டும் சேர்ந்து கோர்ட்டின் பின்பகுதியை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கின்றன. நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்க் கட்டம் முழுவதும் பந்து விழத் தகுந்த இடம்தான். ஷார்ட் லைனுக்கும் பின்சுவருக்கும் இடையே 4.26 மீட்டர் இருக்கிறது. பாக்ஸோ உள்ளளவில் 1.6 மீட்டர் சதுரம், அந்தக் கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாக்ஸுக்குப் பின்னால் மட்டும் 2.6 மீட்டர் கிடக்கிறது. நல்ல சர்வ் எல்லாம் அங்கேதான் விழும். பாக்ஸுக்குள் போடு என்று பழக்கினால் பந்து எதிராளிக்கு வசதியாக எழும்பி வரும், அவர் அடித்து நொறுக்கிவிடுவார். பக்கச்சுவரைத் தொட்டால் தவறு என்றும் சிலர் நினைக்கிறார்கள். பந்து நேராக முதலில் முன்சுவரில் பட வேண்டும். அதற்கப்புறம் பக்கச்சுவர், பின்சுவர் எதில் பட்டாலும் முதல் குத்து அந்த எதிர்க் கட்டத்துக்குள் விழுந்தால் போதும்.

அடுத்தது கோடு. "கோட்டில்தானே பட்டது, உள்ளேதானே" என்று என்னிடம் வாதாடாதீர்கள். டென்னிஸ், பேட்மின்டன் ஆடியவர்களுக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஸ்குவாஷில் கோடு என்றால் வெளியே. கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர், பந்தின் விட்டமோ ஏறக்குறைய 4. ஷார்ட் லைனையோ ஹாஃப் கோர்ட் லைனையோ பந்து ஓர் ஓரம் உரசினாலும் ஃபால்ட். முன்சுவரிலும் இதே கதைதான். 1.78 மீட்டர் உயரத்திலிருக்கும் சர்வீஸ் லைனுக்கும் 4.57 மீட்டரிலிருக்கும் அவுட் லைனுக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் பட வேண்டும். இரண்டாவது சர்வ் கிடையாது. ஃபால்ட் ஆனால் புள்ளி எதிராளிக்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷார்ட்டாக விழப்போகிற பந்தை எதிராளி தரையில் விழும் முன்பே அடித்துவிட்டால், எங்கே விழுந்திருக்கும் என்ற கேள்வியே எழாது. ஆட்டம் தொடரும். அதனால் சர்வை வாங்குபவர்களே, சந்தேகமான பந்தை முந்திக்கொண்டு அடிக்காதீர்கள். கையால் பிடித்து நிறுத்துவதும் வேண்டாம். நிறுத்திவிட்டு முறையிட்டு, சர்வ் சரி என்று முடிவானால் புள்ளி போய்விடும்.

கால் விஷயத்தில் பயம் தேவையில்லை. ராக்கெட் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் ஒரு கால் பாக்ஸுக்குள், கோட்டைத் தொடாமல் தரையில் இருந்தால் போதும். மற்றது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அடித்தபின் ஓடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அடிக்கும் முன்பே நடுவுக்கு நகர்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். மார்க்கர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிபடும்வரை காலைப் பாருங்கள், அப்புறம் பந்தைப் பாருங்கள். முதலிலிருந்தே பந்தின் பின்னால் கண் போனால் கால் தப்பித்துவிடும்.

அந்த 9-9? சர்வ் சரி என்று சொல்லி 10-9 ஆக்கினேன். பந்தைப் பிடித்தவர், தரையிலிருந்த பாக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.