தொடுவதற்கு முன் ஒரு கூட்டல் குறி

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. போன மாதம் கணக்குப் பிரிவு அக்கா போனை நீட்டி, "தம்பி, இதைத் தொடலாமா?" என்றார். தபால் துறை பெயரில் ஒரு எஸ்எம்எஸ். பார்சல் வந்துவிட்டதாம், முகவரி முழுமையாக இல்லையாம், 48 மணி நேரத்துக்குள் திருத்த வேண்டுமாம். கீழே ஒரு bit.ly லிங்க், அதாவது நீள முகவரியைச் சுருக்கித் தரும் பிட்லி சேவையின் லிங்க்.

லிங்க்கை அழுத்திப் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சுருக்கிய லிங்க்கில் அது உதவாது. அழுத்திப் பிடித்தாலும் அதே bit.ly முகவரிதான் தெரியும். ஐபோனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்திப் பிடித்ததும் முன்னோட்டம் என்று அந்தப் பக்கத்தையே சின்னதாகத் திறந்து காட்டிவிடும். அந்த முன்னோட்டத்தை மறைக்கும் வசதியை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு முகவரி மட்டும் தெரியும்.

அக்காவின் போனில் மெசேஜை அப்படியே காப்பி செய்து நோட்ஸில் ஒட்டினேன். நேராக பிரவுசரில் ஒட்டினால் கை தவறி என்டர் தட்டிவிட வாய்ப்பிருக்கிறது. நோட்ஸில் லிங்க்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்து, கடைசியில் இடைவெளி இல்லாமல் ஒரு + சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் பிரவுசருக்குக் கொண்டுபோனேன். அப்படிப் போட்டால் லிங்க் கொண்டுபோகும் பக்கம் திறக்காது. அந்த லிங்க் எங்கே போகிறது என்று பிட்லியே தன் பக்கத்தில் காட்டும். அங்கே தெரியும் நீள முகவரியைத் தொட்டுவிடக் கூடாது, படிக்க மட்டும்தான். இதேபோல் சுருக்கித் தரும் வேறு சேவைகளும் உண்டு. is.gd லிங்க்குக்குக் கடைசியில் - போட வேண்டும். டைனியுஆர்எல் என்றால் முன்னால் preview. சேர்த்து, preview.tinyurl.com என்று தொடங்க வேண்டும்.

வந்த முகவரி இந்த மாதிரி இருந்தது (பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
https://indiapost.gov.in.addr-fix.example/in
```

"இந்தியாபோஸ்ட்னுதானே இருக்கு?" என்றார் அக்கா. நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான். https:// முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இங்கே கடைசியில் நிற்கும் addr-fix.example என்பதுதான் தளத்தின் உரிமையாளர் வாங்கிய பெயர். அதற்கு இடப்பக்கம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. உண்மையான தபால் துறை முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக indiapost.gov.in என்றே முடியும்.

மெயிலில் வரும் பட்டனும் உள்ளுக்குள் லிங்க்தான். கம்ப்யூட்டரில் மவுஸை அதன் மேல் வைத்தால் கீழ் மூலையில் முகவரி தெரியும். அதுவும் சுருக்கியதாக இருந்தால் மறுபடி அந்தக் கூட்டல் குறி வேலைதான்.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. பிட்லி காட்டுவது அடுத்த நிறுத்தத்தை மட்டுமே. அங்கிருந்து இன்னொரு சுருக்கு லிங்க்குக்குப் போனால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவையும் சுருக்கு லிங்க் வந்தால் நான் அதோடு விட்டுவிடுவேன். ஒரு முகவரி திருத்தத்துக்கு எதற்கு இத்தனை வளைவு?

அக்காவுக்கு இன்னும் சந்தேகம், ஏதோ பார்சல் வர வேண்டியிருக்கிறதாம். ரசீதை எடுக்கச் சொன்னேன். அதில் IN என்று முடியும் 13 எழுத்து எண் இருந்தது. தபால் துறை தளத்தின் முகவரியை நாங்களே டைப் செய்து திறந்து அந்த எண்ணைப் போட்டோம். முந்தின நாளே டெலிவரி ஆகியிருந்தது. வாட்ச்மேன் வாங்கி வைத்திருந்தாராம்.