ஏழாம் இடத்தைச் செவ்வாய், குரு, சனி பார்த்தால்...

பெண்ணின் ஜாதகத்தோடு வந்த தாயார் முதலில் எடுத்து நீட்டியது கம்ப்யூட்டரில் அச்சடித்த தாளைத்தான். அதில் "செவ்வாய் தோஷம் உள்ளது" என்று தடித்த எழுத்தில் இருந்தது. "கல்யாணத்தைச் சொல்லும் ஏழாம் இடத்தைச் சனியும் பார்க்கிறாராம் சார், கல்யாணமே தள்ளிப் போகுமாமே?" என்றார். தோஷ ஜாதகம் மட்டும்தான் வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிட்டதால், வந்த நல்ல வரன்கள் பலவற்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எல்லாக் கிரகமும் தான் நிற்கும் இடத்திலிருந்து ஏழாம் இடத்தைப் பார்க்கும். இதோடு செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 என்று சிறப்புப் பார்வைகள் உண்டு. நின்ற வீட்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் செவ்வாய் 1, 4, 12-லிருந்தும், குரு 1, 3, 11-லிருந்தும், சனி 1, 5, 10-லிருந்தும் லக்னத்துக்கு ஏழாம் இடத்தைப் பார்ப்பார்கள்.

நம் பக்கத்தில் செவ்வாய் தோஷத்துக்குச் சொல்லும் 2, 4, 7, 8, 12 என்ற கணக்கில், 4-ம் 12-ம் மட்டுமே பார்வையால் ஏழாம் இடத்தைத் தொடுகின்றன. 2-ம் 8-ம் குடும்பம், மாங்கல்யம் என்ற வேறு காரணத்துக்காகச் சேர்ந்தவை. லக்னத்திலேயே இருக்கும் செவ்வாய் ஏழாம் இடத்தை நேராகப் பார்த்தாலும் இந்தப் பட்டியலில் இல்லை! அதனால் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத நான் ஒப்புவதில்லை.

சரி, அந்தப் பெண்ணின் ஜாதகத்துக்கு வருவோம். 1994 தை மாதப் பிறப்பு, துலா லக்னம். லக்னத்தில் குரு, 4-ஆம் வீடான மகரத்தில் செவ்வாய், 5-ஆம் வீடான கும்பத்தில் சனி. மூவரும் ஏழாம் இடமான மேஷத்தைப் பார்க்கிறார்கள். அச்சடித்த தாள் இதில் தோஷத்தைத்தான் கண்டது.

மேஷம் யாருடைய வீடு? செவ்வாயுடையது. ஏழுக்குடையவர் மகரத்தில் உச்சமாகி, தன் வீட்டையே நான்காம் பார்வையாகப் பார்க்கிறார். ஒரு வீட்டை அதன் அதிபதியே பார்த்தால் அந்த வீடு பலப்படும் என்பது அடிப்படை விதி. இதை வெறும் தோஷமாக எழுதினால் பாதி ஜாதகத்தைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆனாலும் ஒரு குறை உண்டு. அவர் சூரியனுக்குச் சில பாகை தூரத்திலேயே நின்று, ஒளி மங்கி அஸ்தங்கமாக இருக்கிறார். உச்ச பலனை முழுதாக எதிர்பார்க்கக் கூடாது. சூரியன் தந்தையைக் குறிப்பவர் என்பதால், வீட்டுப் பெரியவர்கள், முக்கியமாக அப்பா, வரன் விஷயத்தில் அதிகம் தலையிடுவார்கள் என்று சொன்னேன். தாயார் சிரித்துவிட்டார்.

சனியைத்தான் அவர்கள் ரொம்பப் பயந்தார்கள். துலா லக்னத்துக்குச் சனி 4, 5-க்குடைய யோகக்காரர். கும்பத்தில் ஆட்சியாக இருந்து மூன்றாம் பார்வையால் மேஷத்தைப் பார்க்கிறார். மேஷம் சனிக்கு நீச வீடு என்பதால் தாமதம் வருவது நிஜம்தான். திருமணமே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. சற்று வயது கூடியவர், பொறுப்பானவர், அதிகம் பேசாதவர் வரனாக அமைவதை இந்த அமைப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதே சனி கடக லக்னத்துக்கு 7, 8-க்குடையவராக வருவதால் அங்கே வேறு மாதிரி படிக்க வேண்டும்.

அப்புறம் குரு. "குரு பார்க்க கோடி நன்மை" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். துலா லக்னத்துக்கு அவர் 3, 6-க்குடையவர். அவர் பார்வை ஏழாம் இடத்தைக் காக்கும், சந்தேகமில்லை. கூடவே ஆறாம் இடத்துச் சாயலையும் கொண்டுவருவார். சம்பந்தம் பேசும்போது கொடுக்கல் வாங்கல், கடன், உறவினர் சண்டை இவற்றில் ஒன்று தலைகாட்டும். அதனால் பேச்சுவார்த்தையில் பணக்கணக்கை முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ளச் சொன்னேன். ராகு 2-லும் கேது 8-லும் இருந்தது தனிக் கதை, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

பார்வை எப்போது பலன் தரும் என்பதைத் தசாபுக்தியும், அந்தந்தக் காலத்துக் கிரக நகர்வான கோசாரமும் சொல்லும். இவருக்கு 2023 ஏப்ரலில் குரு மேஷத்துக்குள் வரும்போது, சனியும் கும்பத்தில் ஏறி அதே மேஷத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். பிறந்தபோது இருந்த சனிப் பார்வையே கோசாரத்திலும் திரும்பியது. அந்த ஒரு வருடத்தில் வரனைத் தீவிரமாகத் தேடுங்கள், தோஷ ஜாதகம்தான் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்றேன். 29 வயதில் திருமணம் முடிந்தது. மாப்பிள்ளை ஏழு வயது மூத்தவர், அவருடைய ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இல்லை. மண்டபச் செலவு யார் தருவது என்பதில் இரு வீட்டுக்கும் சின்னச் சலசலப்பு வந்ததாகத் தாயார் பிறகு சொன்னார்.