பால்கனிக்கு வந்த ஒட்டு ரோஜா: வெயிலா, கத்தரியா, எது முதலில்?

ஒட்டு, கடினப்படுத்துதல், கவாத்து. செடி வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் சொற்கள் இவை. நாற்றங்காலில் வேலை செய்யும் எனக்கு, இவற்றைத் தனித்தனியாக விளக்குவதைவிட ஒரு ரோஜாச் செடியைக் காட்டி விளக்குவது எளிதாக இருக்கிறது. விற்பனைக்கு வரும் பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். அதனால் இந்த மூன்றும் ஒரே தொட்டியில் சந்திக்கின்றன.

ஒட்டுச்செடி என்பது உண்மையில் இரண்டு செடிகள். கீழே இருப்பது வேர்ச்செடி. அதன் பூவுக்காக யாரும் அதை வளர்ப்பதில்லை. வேர் வலுவாக ஓடும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் தண்டில் பட்டையை ‘டி’ வடிவில் கீறித் திறந்து, நமக்கு வேண்டிய ரகத்திலிருந்து சீவியெடுத்த ஒற்றைத் தளிர்மொட்டைச் செருகிக் கட்டுவோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய பச்சைப் படலம் ஒன்று இருக்கிறது. இரண்டு செடிகளின் படலங்களும் தொட்டுக்கொண்டால் சில வாரங்களில் திசுக்கள் இணைந்துவிடும். மொட்டு உயிர் பிடித்ததும் அதற்கு மேலே உள்ள வேர்ச்செடியின் தலையை வெட்டிவிடுவோம். மண்ணை ஒட்டித் தண்டில் ஒரு முண்டு போல இருக்கிறதே, அதுதான் ஒட்டு. அதற்கு மேல் உள்ளதெல்லாம் நீங்கள் பூவைப் பார்த்து வாங்கிய ரகம். கீழே உள்ளது வேறு செடி.

செடியை வாங்கி வந்ததும் முதலில் இந்த முண்டைத் தேடிப் பாருங்கள். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், ஒட்டு நன்றாகப் பிடித்துத் தளிர் ஓடியிருக்கும் நிலையில், ஒட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கீறி எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது நாடா அதை நெரிக்கும். தொட்டி மாற்றும்போது முண்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி வையுங்கள். கடுங்குளிர் நாடுகளில் நிலத்தில் நடுபவர்கள் உறைபனிக்குப் பயந்து ஒட்டை மண்ணுக்குள் புதைப்பது உண்டு. உறைபனி இல்லாத பால்கனியில் அதற்கு அவசியம் இல்லை. முண்டு கண்ணில் பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கான காரணம் கீழே வருகிறது.

அடுத்தது கத்தரி அல்ல, வெயில். செடி அதுவரை நிழல்வலைக் குடிலில், காற்றடங்கிய ஈரப்பதத்தில் வளர்ந்திருக்கலாம். அங்கே விட்ட இலைகள் மெல்லியவை. அவற்றின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு குறைவு. அதை நேராக மதிய வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் இலைப்பரப்பில் வெளிறிய திட்டுகள் தோன்றிக் காகிதம் போல் காய்கின்றன. பலர் இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். அடையாளம் காண்பது எளிது: வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும் திட்டு இருக்கும், நிழலில் மறைந்த இலைகள் நன்றாக இருக்கும். நோய் அப்படிப் பக்கம் பார்த்து வருவதில்லை. கருகிய பகுதி மீண்டும் பச்சையாகாது, ஆனால் புதிய தளிர் அந்த வெயிலுக்கு ஏற்றபடியே வரும்.

இதைத் தவிர்ப்பதற்குத்தான் கடினப்படுத்துதல். முதல் இரண்டு மூன்று நாட்கள் நேரடி வெயில் படாத, வெளிச்சம் உள்ள இடம். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம். அதை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மொத்தம் 7 முதல் 14 நாட்கள் ஆகும். மேற்குப் பார்த்த பால்கனியாக இருந்தால் இரண்டு வாரத்தையும் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே வெயில் தொடங்குவதே மதியத்தின் உச்சச் சூட்டில்தான். உயரமான மாடிகளில் வெயிலைவிடக் காற்று அதிகம் கெடுக்கும். இலையிலிருந்து நீர் வெளியேறும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. கைப்பிடிச் சுவரின் மறைவில் தொட்டியைத் தரையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இந்த நாட்களில் தழைச்சத்து உரம் வேண்டாம். அது மறுபடியும் மென்மையான தளிரைத்தான் கிளப்பும்.

இதே நாட்களில் கவாத்தும், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதும், வேண்டாம். இலை உணவு தயாரிக்கும் உறுப்பு. இடம் மாறிய செடியிடமிருந்து அதைப் பறித்தால் வேர் ஓடுவது தாமதமாகும். காய்ந்த குச்சியை மட்டும் நீக்கலாம்.

ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய படம் நினைவுக்கு வருகிறது. சிவப்புப் பூ பார்த்து வாங்கிய செடி. “நன்றாகச் செழித்திருக்கிறது, பூ மட்டும் பூக்கவில்லை” என்று எழுதியிருந்தார். படத்தில் வெளிர்பச்சை நிறத்தில் நீண்ட மூன்று கிளைகள் வளைந்து நின்றன. அவற்றின் நடுவே முதிர்ந்த ஒற்றைத் தண்டு நோஞ்சானாக இருந்தது. முண்டு மண்ணில் புதைந்திருந்தது. மேல்மண்ணை விரலால் விலக்கச் சொன்னேன். மூன்று கிளைகளும் முண்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தன. அவை வேர்ச்செடியின் போத்துகள். வேரின் பலம் முழுவதும் அவற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த பருவத்தில் கொத்துக் கொத்தாகச் சிறு பூக்கள் வந்திருக்கும். செடி நிறம் மாறிவிட்டது என்று புகாரும் வந்திருக்கும்.

ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடி, ஐந்து இருந்தால் நல்ல ரகம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதே உறுதியான சாட்சி. முண்டிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ வரும் தடித்த புதுக்கிளையைத் தெரியாமல் வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டின் பூவையே வெட்டியதாகும்.

போத்தைக் கத்தரியால் நறுக்கக் கூடாது. நறுக்கினால் அடியில் மிஞ்சும் மொட்டுகளிலிருந்து இன்னும் அதிகம் துளிர்க்கும். கையுறை போட்டு, புறப்படும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுக்க வேண்டும். அவர் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டார். அதன் பிறகு செடி கொஞ்ச காலம் அசையாமல் நின்றது. பழைய தண்டில் புதுத்தளிர் வந்து இலை விரிந்த பிறகே கவாத்துக்கு அனுமதித்தேன்.

அந்தக் கவாத்தும் அளவானதுதான். கத்தரியை ஆல்கஹால் கரைசலால் துடைத்துக்கொண்டு, செடியின் வெளிப்பக்கம் பார்த்த மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, நீர் மொட்டின் மேல் வழியாதபடி எதிர்ப்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும். அதிகம் மேலே வெட்டினால் மிச்சக் குச்சி காய்ந்து கீழ்நோக்கிக் கருகும். ஒட்ட வெட்டினால் மொட்டே காயும். புதிய செடியில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. வெதுவெதுப்பான பருவத்தில் வெட்டிய இடத்திலிருந்து பூ வர 6 முதல் 8 வாரங்கள் ஆகும்.

முண்டுக்கு மேலே தளிரே வரவில்லை என்றால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருக்கலாம். முண்டு வரைக்கும் பழுப்பாக இருந்தால் ஒட்டிய ரகம் இறந்துவிட்டது. கீழே எவ்வளவு செழிப்பாகத் துளிர்த்தாலும் அது நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல.