மாநாட்டுப் போஸ்டரும் வர்க்கமூலமும்

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்த மாநாட்டுப் போஸ்டரைத் தமிழில் மாற்றினால் பெட்டிக்கு வெளியே வழிகிறது. 30 சதவீதம் நீளம் கூடிவிட்டது. எழுத்தையும் 30 சதவீதம் சின்னதாக்க வேண்டுமா?"

வேண்டாம். எழுத்தைச் சின்னதாக்கினால் ஒரு வரியில் அதிக எழுத்துகள் கொள்ளும். அதே சமயம் வரியின் உயரமும் குறைவதால் பெட்டியில் அதிக வரிகளும் கொள்ளும். ஒரே மாற்றத்துக்கு இரண்டு லாபம். எனவே 1.3 மடங்கு உரையை அடக்க, எழுத்தளவை 1.3-ஆல் வகுக்க வேண்டியதில்லை, அதன் வர்க்கமூலமான 1.14-ஆல் வகுத்தால் போதும். ஆங்கிலம் 28 புள்ளியில் இருந்தது என்றால் தமிழ் 24.6 புள்ளி. சுமார் 12 சதவீதக் குறைப்பு, அவ்வளவுதான்.

ஆனால் இது வரி இடைவெளி மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. தமிழில் 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வரி உயரம் போதும் என்றால் தமிழுக்கு 1.4 மடங்காவது வேண்டும். இதையும் சேர்த்தால் தேவைப்படும் இடம் 1.3-இலிருந்து ஏறக்குறைய 1.52 மடங்காகிவிடும். இப்போது எழுத்து 22.7 புள்ளிக்கு இறங்கியாக வேண்டும். போஸ்டரின் உடல் உரை 24-க்குக் கீழே போகக் கூடாது என்பது பலர் பின்பற்றும் வழக்கம். மென்பொருளின் 'தானாகப் பொருத்து' வசதியிடம் விட்டால் அது எழுத்தோடு வரி இடைவெளியையும் சேர்த்து இறுக்கிவிடும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு ஓட்டை வரி முடிவில் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான். கடைசிச் சொல் கொள்ளாவிட்டால் முழுசாக அடுத்த வரிக்குப் போகும், விட்டுப்போன இடம் வீண். சில வரிகளில் ஒன்றும் வீணாகாது, சிலவற்றில் கிட்டத்தட்ட ஒரு முழுச் சொல்லின் அகலம் வீணாகும். சராசரி பார்த்தால் வரிக்கு அரைச் சொல். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபையும் காலத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு நீள்வது. 24 புள்ளியில் சொல் சராசரியாக 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. பத்தியில் வரிக்கு 2.5 செ.மீ., அதாவது எட்டில் ஒரு பங்கு போய்விடும். பாதி நீளச் சொல் கொண்ட ஆங்கிலம் பதினாறில் ஒரு பங்கைத்தான் இழக்கும். இரண்டு பத்திகளை இணைத்து 40 செ.மீ. ஆக்கினால் தமிழின் இழப்பும் பதினாறில் ஒன்றாகிவிடும். ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் கிடைத்த இடம் இது! இரு ஓரமும் சமமாக வரும்படி அமைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வீணான இடம் எங்கும் போகாது, சொற்களுக்கு நடுவே பள்ளங்களாகப் பரவும்.

பத்தியை அகலமாக்க முடியாத இடத்தில் சொல்லை உடைக்கலாம். நம் செய்தித்தாள்கள் இணைகோடு போடாமலே உடைக்கின்றன. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் சரி: 'மருத்/துவம்' படிக்கலாம், 'மரு/த்துவம்' கண்ணை உறுத்தும்.

அகலமான பத்தி, 24 புள்ளி என்று முடிவு செய்த பிறகும் உரை பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதை எழுத்தில்தான் குறைக்க வேண்டும். "நோயாளிகளிடமிருந்து இரத்த மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, அவற்றின் மீது பகுப்பாய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பதில் 51 எழுத்து. "நோயாளிகளின் இரத்த மாதிரிகளை ஆய்ந்தோம்" என்றால் 20. தமிழ் இயல்பிலேயே இடம் அடைக்கும் மொழி என்று சிலர் சொல்வது எனக்கு மூடநம்பிக்கையாகவே படுகிறது. இடத்தை அடைப்பதில் பாதி 'ப்பட்டது'தான். மாநாட்டுக்காரர்களையும் சொல்ல வேண்டும்: அச்சுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், ஆங்கிலத்துக்கு வரைந்த வார்ப்புருவைத் தமிழுக்கு மாற்றப் பத்து ரூபாய் ஒதுக்குவதில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் ஏ0 போஸ்டரை ஏ4 தாளில் அச்சிடுங்கள். நீளமும் அகலமும் கால் பங்காகும், 24 புள்ளி 6 ஆகும். அந்தத் தாளை 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிப்பது, உண்மையான போஸ்டரை 1.6 மீட்டரில் நின்று படிப்பதற்குச் சமம். அங்கே 'ன'வும் 'ண'வும் குழம்பினால் இன்னும் நான்கு வாக்கியங்களை வெட்டுங்கள்.